அடிபட்ட காண்டரில் மறுபக்கத்தை நெருக்குவதா, மூடிவிடுவதா: 2025 ஏப்ரல் நிஃப்டியை வைத்து ஒரு கணக்கு

அயர்ன் காண்டர் விற்பவர்கள் எல்லாருக்கும் இந்தக் கட்டம் வரும். சந்தை ஒரு பக்கமாக ஓடி, விற்ற புட்டையோ காலையோ தொட்டுவிடும். மறுபக்கம் இரண்டு மூன்று ரூபாய்க்குச் சுருங்கிக் கிடக்கும். "அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, சந்தைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து புதிதாக விற்றால் கூடுதல் பிரீமியம் கிடைக்குமே, அடிபட்ட பக்கத்து நஷ்டம் அந்த அளவுக்குக் குறையுமே" என்று மனம் சொல்லும். வகுப்பு எடுப்பவர்களும் பெரும்பாலும் இதைத்தான் முதல் திருத்தமாகச் சொல்லித் தருகிறார்கள். இது எங்கே உதவுகிறது, எங்கே கவிழ்க்கிறது என்பதை 2025 ஏப்ரல் மாத நிஃப்டி தொடரில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் அடி விழுந்த மாதம் அது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் நிஃப்டி முடிவு விலைகள் அந்தந்த நாளில் உண்மையில் வந்தவை. ஆப்ஷன் விலைகள் அப்படியல்ல. அன்றைய இந்தியா விக்ஸை ஒட்டிய வாலட்டிலிட்டி, புட் பக்கம் சற்றுக் கூடுதல், கால் பக்கம் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டு, பிளாக் சூத்திரத்தில் போட்டு முழு எண்ணாக்கியவை. சந்தையில் உண்மையில் நடந்த விலை சில ரூபாய் முன்பின் இருந்திருக்கும். முடிவுகளின் வரிசை அதனால் மாறாது.

ஏப்ரல் 2: போட்ட காண்டர்

அன்று நிஃப்டி 23,332-ல் முடிந்தது. மாத எக்ஸ்பைரி ஏப்ரல் 24, வியாழக்கிழமை. இன்னும் 22 நாள். விக்ஸ் 14-ஐ ஒட்டி. கீழே 22,500 புட்டை 62-க்கு விற்று, பாதுகாப்புக்கு 22,200 புட்டை 36-க்கு வாங்குகிறோம். மேலே 24,200 காலை 47-க்கு விற்று, 24,500 காலை 20-க்கு வாங்குகிறோம். புட் பக்கம் 26, கால் பக்கம் 27, ஆக மொத்தம் 53 புள்ளி கையில் வருகிறது. விற்ற இரண்டு ஸ்ட்ரைக்கும் நிஃப்டியிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில், 830-லிருந்து 870 புள்ளி தள்ளி இருக்கின்றன. புட்டின் டெல்டா 0.14 அளவில்.

அப்போது நிஃப்டி லாட் 75. எனவே ஒரு லாட்டுக்கு வரவு 3,975 ரூபாய். ஒவ்வொரு பக்கத்து அகலமும் 300 புள்ளி என்பதால் அதிகபட்ச நஷ்டம் 247 புள்ளி, அதாவது 18,525 ரூபாய். எக்ஸ்பைரியில் 22,447-க்கும் 24,253-க்கும் நடுவே முடிந்தால் ஏதோ ஒரு லாபம்.

அன்று இரவு அமெரிக்க வரி அறிவிப்பு வரப்போகிறது என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு முந்தைய மாலையில் காண்டர் விற்கலாமா என்பது தனி வாதம். விக்ஸ் 14-ல் இருந்ததைப் பார்த்தால், பெரும்பாலானோர் பெரிதாகப் பயப்படவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வெள்ளியும் திங்களும்

ஏப்ரல் 3-ல் 23,250. ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை 22,904. இரண்டு நாளில் 430 புள்ளி போய்விட்டது, ஆனால் விற்ற புட் இன்னும் 400 புள்ளி கீழேதான். புட்டின் டெல்டா மட்டும் 0.27-க்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. அன்று மாலை முழுக் காண்டரையும் மூட வேண்டுமென்றால் புட் ஸ்ப்ரெட்டுக்கு 58, கால் ஸ்ப்ரெட்டுக்கு 5, மொத்தம் 63 கொடுக்க வேண்டும். 53 வாங்கியிருக்கிறோம், நஷ்டம் 10 புள்ளி. 750 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

ஏப்ரல் 7, திங்கள். உலகச் சந்தைகள் சரிந்ததில் நிஃப்டி பெரிய இடைவெளியோடு கீழே திறந்தது, ஒரு கட்டத்தில் 21,750-க்கும் கீழே போய், கடைசியில் 22,161.60-ல் முடிந்தது. ஒரே நாளில் 743 புள்ளி. விக்ஸ் 13.76-லிருந்து 22.79. விற்ற 22,500 மட்டுமல்ல, பாதுகாப்புக்கு வாங்கிய 22,200-ஐயும் தாண்டி நிஃப்டி கீழே நிற்கிறது. "22,500 தொட்டால் திருத்துவேன்" என்று திட்டம் வைத்திருந்தவருக்கு 22,500 என்ற விலையே கிடைக்கவில்லை. சந்தை அதற்குக் கீழே திறந்துவிட்டது.

திங்கள் மாலை நிலவரம் இது: 22,500 புட் 562, 22,200 புட் 401, இரண்டுக்கும் வித்தியாசம் 161. மேலே 24,200 கால் 3, 24,500 கால் 1, வித்தியாசம் 2. எல்லாவற்றையும் மூட 163 ஆகும். நஷ்டம் 110 புள்ளி, லாட்டுக்கு 8,250 ரூபாய்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிஃப்டி இரண்டு புட்டுக்கும் கீழே போய்விட்டது, ஆனாலும் நஷ்டம் அதிகபட்சமான 247 ஆகவில்லை, பாதிகூட இல்லை. இன்னும் 17 நாள் பாக்கி, வாலட்டிலிட்டி வேறு ஏறியிருக்கிறது. அதனால் 300 அகல ஸ்ப்ரெட் பாதிக்குச் சற்று மேலான விலையில்தான் நிற்கும். மீதிப் பாதி சந்தை திரும்பும் வாய்ப்புக்கான விலை. மூடுபவர் அந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்து, இன்னும் 137 புள்ளி போகக்கூடிய ஆபத்திலிருந்து வெளியே வருகிறார்.

ரோல் செய்தால்

இப்போது மறுபக்கத்தை நெருக்குவோம். 24,200/24,500 கால் ஸ்ப்ரெட்டை 2 கொடுத்து மூடுகிறோம். 23,000 காலை 100-க்கு விற்று 23,300 காலை 50-க்கு வாங்குகிறோம். புதிதாக 50 வருகிறது, பழையதை மூடிய 2 போக நிகரம் 48. மொத்த வரவு 53-லிருந்து 101 ஆகிவிட்டது. அதிகபட்ச நஷ்டம் 247-லிருந்து 199-க்கு இறங்கிவிட்டது. திரையில் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

சரி, இந்த நொடியில் நஷ்டம் எவ்வளவு? வாங்கியது 101. மூட வேண்டுமென்றால் புட் பக்கம் 161, புதுக் கால் பக்கம் 50, மொத்தம் 211. நஷ்டம் 110. ரோல் செய்வதற்கு முன்பும் 110, செய்த பின்பும் 110. வந்த 48 புள்ளி அடிபட்ட பக்கத்து நஷ்டத்தில் ஒரு பைசாவையும் கழிக்கவில்லை. அது புதிதாக ஏற்றுக்கொண்ட ஓர் ஆபத்துக்கான கூலி. நிஃப்டி 23,000-க்கு மேல் போகாது என்று நாம் கொடுத்த வாக்குறுதிக்கு வாங்கிய முன்பணம்.

அதனால் ரோல் செய்யலாமா என்ற கேள்வி உண்மையில் இரண்டு கேள்வி. ஒன்று, 161-ல் நிற்கும் இந்தப் புட் ஸ்ப்ரெட்டை இன்று புதிதாக விற்பேனா? இரண்டு, விக்ஸ் 23-ல் நிற்கும் நாளில், 743 புள்ளி விழுந்த மாலையில், 23,000/23,300 கால் ஸ்ப்ரெட்டை 50-க்குப் புதிதாக விற்பேனா? பழைய காண்டர் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் ரோல் சரியான வியாபாரம். முதல் கேள்விக்கே "மாட்டேன்" என்று பதில் வந்தால் மூடிவிட வேண்டியதுதான். இரண்டாவதற்கு மட்டும் "மாட்டேன்" என்றால் அப்படியே வைத்திருப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. அடிபட்டவர் பெரும்பாலும் இந்த இரண்டையும் கேட்பதில்லை. "வரவு கூடுகிறதா" என்று மட்டும் பார்க்கிறார். வரவு எப்போதும் கூடத்தான் செய்யும்.

இரண்டாவது கேள்வியைச் சற்று அளந்து பார்க்கலாம். புதுக் காண்டரின் லாப எல்லை 22,399-லிருந்து 23,101 வரை. நிஃப்டியோ 22,161-ல், அந்த எல்லைக்கு வெளியே, கீழே. லாபம் வர வேண்டுமென்றால் 17 நாளில் 238 புள்ளியாவது ஏற வேண்டும், ஆனால் 940 புள்ளிக்கு மேல் ஏறக்கூடாது. விக்ஸ் 22.79 என்றால் 17 நாளுக்கு ஒரு திட்டவிலக்கம் ஏறக்குறைய 1,090 புள்ளி. அதாவது ஒரு திட்டவிலக்கத்தைவிடக் குறுகிய 702 புள்ளி ஜன்னல், அதுவும் முழுக்க ஒரே திசையில். அதற்குள் விழும் வாய்ப்பு நாலில் ஒன்று அளவுதான். பழைய காண்டருக்கு இருந்த மேல்பக்க இடம் 24,253 வரை நீண்டது. அதை 48 புள்ளிக்கு விற்றுவிட்டோம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த விக்ஸில் ஒரு நாள் அசைவு என்று சந்தை எதிர்பார்ப்பது 320 புள்ளி அளவு. 23,000 என்பது 838 புள்ளி தள்ளி. மூன்று நாள் சாதாரண அசைவுகூட இல்லை. பெரிய சரிவு வந்த வாரத்தில் பெரிய ஏற்றமும் வருவது சந்தையின் பழைய வழக்கம். அடி விழுந்தவுடனே மறுபக்கத்தை நெருக்குபவர், ஏற்றம் வரக்கூடிய நேரம் பார்த்து ஏற்றத்துக்கு எதிராக விற்கிறார்.

ரோலுக்கு ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. திங்கள் மாலை பழைய காண்டரின் நிகர டெல்டா 0.11 அளவு. சந்தை ஏறினால்தான் நல்லது என்ற நிலை. ரோலுக்குப் பிறகு அது 0.04 அளவுக்கு இறங்கிவிடுகிறது. செவ்வாயன்று இன்னொரு 300 புள்ளி சரிந்திருந்தால், ரோல் செய்தவருக்கு வலி குறைவாக இருந்திருக்கும். கீழே போய்க்கொண்டே இருந்தால் 247-க்குப் பதில் 199 என்பது உண்மையான லாபம். ஆனால் அதே சரிவில் மூடியவரின் நஷ்டம் 110-லேயே நின்றிருக்கும்.

நடந்தது

ஏப்ரல் 8-ல் 374 புள்ளி ஏறி 22,536. ஏப்ரல் 9-ல் 22,399. அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.25-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது. அன்றிரவு அமெரிக்கா பெரும்பாலான நாடுகளுக்குக் கூடுதல் வரியை 90 நாள் நிறுத்திவைத்தது. ஏப்ரல் 10 இங்கே விடுமுறை. 11-ம் தேதி 429 புள்ளி ஏறி நிஃப்டி 22,828.55.

இது ரோல் செய்தவரின் கனவு இடம். 22,500-க்கும் 23,000-க்கும் நடுவே, அதிகபட்ச லாபமான 101 கிடைக்கும் பகுதிக்குள். ஆனால் அன்று மாலை கணக்குப் போட்டால் புட் பக்கம் 71, கால் பக்கம் 110, மூட 181 ஆகும். நஷ்டம் இன்னும் 80 புள்ளி. நிஃப்டி சரியான இடத்தில் இருந்தும் ஏன்? இரண்டு பக்கமும் விற்ற ஸ்ட்ரைக் பக்கத்திலேயே நிற்கிறது, 13 நாள் பாக்கி, விக்ஸ் இன்னும் 20-ஐ ஒட்டி. அந்த 101 கைக்கு வர வேண்டுமானால் நிஃப்டி அந்த 500 புள்ளிக்குள் எக்ஸ்பைரி வரை அசையாமல் கிடக்க வேண்டும். இதற்கிடையே, எதுவும் செய்யாமல் பழைய காண்டரை வைத்திருந்தவரின் நஷ்டம் 22 புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

ரோல் செய்தவர் வெளியேற வேண்டிய மாலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். திங்களன்று மூடியதைவிட 30 புள்ளி, 2,250 ரூபாய் மிச்சம். ஆனால் லாப எல்லைக்குள் நிற்கும்போது யாரும் நஷ்டத்தில் மூட மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் 101" என்றுதான் தோன்றும்.

அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள் அம்பேத்கர் ஜெயந்தி. செவ்வாய், ஏப்ரல் 15-ல் சந்தை மேல் இடைவெளியோடு திறந்து, 500 புள்ளி ஏறி 23,328.55-ல் முடிந்தது. 22,828-லிருந்து ஒரே தாவலில் 23,000-ஐயும் 23,300-ஐயும் தாண்டியாகிவிட்டது. கீழே நடந்ததே எட்டே நாளில் மேலேயும் நடந்திருக்கிறது. புட் பக்கம் 13-க்கு இறங்கியும், கால் பக்கம் 200-க்கு ஏறிவிட்டதால் ரோல் செய்தவரின் நஷ்டம் 112. திங்களன்று மூடியவரின் 110-க்கே திரும்பி வந்து நிற்கிறார். இடையில் எட்டு நாள் தூக்கமும் நாலு லெக் செலவும் போனது தனி. பழைய காண்டரை அப்படியே வைத்திருந்தவர் அன்று 32 புள்ளி லாபத்தில்.

இந்த இடத்தில் இன்னொரு ஆசை வரும். "இப்போது புட் பக்கம் 13-க்குச் சுருங்கிவிட்டதே, அதை மேலே கொண்டுபோய் நெருக்கினால்?" 22,900/22,600 என்று ஏற்றி விற்கலாம், மறுபடி வரவு கூடும். இப்படி மாறி மாறி நெருக்கினால் கடைசியில் இரண்டு விற்ற ஸ்ட்ரைக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். புட் ஸ்ட்ரைக் கால் ஸ்ட்ரைக்குக்கு மேலே போய்விட்டால் எக்ஸ்பைரி எங்கே முடிந்தாலும் குறைந்தது அந்த இடைவெளி அளவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கிய மொத்த வரவு அதைவிடக் கூடுதலா என்பதை அதற்கு முன்பே கூட்டிப் பார்க்க வேண்டும்.

மிச்சக் கதை சுருக்கம்தான். 17-ம் தேதி 23,852, புனித வெள்ளி விடுமுறைக்குப் பிறகு 21-ம் தேதி 24,126, 23-ம் தேதி 24,329. எக்ஸ்பைரி நாளான 24-ல் நிஃப்டி 24,246.70. ரோல் செய்தவருக்கு 23,000/23,300 முழுதாகப் போனது. 101 போக 199 புள்ளி நஷ்டம், 14,925 ரூபாய். மூடியவருக்கு 8,250 ரூபாய் நஷ்டம். எதையும் தொடாதவர் 24,200 காலுக்கு 46.70 கொடுத்துவிட்டு, மீதி 6.30 புள்ளி, 472 ரூபாய் 50 காசு லாபத்தோடு வெளியே வந்தார்.

தொடாமல் விட்டவர்தான் புத்திசாலி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் 21,750-ஐயும் பார்த்தார், எக்ஸ்பைரிக்கு முந்தின நாள் 24,253 என்ற மேல் எல்லைக்கு வெளியே 24,329-ல் நின்றதையும் பார்த்தார். நிஃப்டி திரும்பாமல் இருந்திருந்தால் 18,525 ரூபாயும் போயிருக்கும். நடந்த பாதையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அரைக் கணக்கு. திங்கள் மாலை இருந்து பார்த்தால் எக்ஸ்பைரி பல இடத்தில் முடிந்திருக்கலாம். அதற்காக ஒரு சிறு அட்டவணை. இதில் நாலாவது வழி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், அதைப் பற்றிக் கீழே.

| எக்ஸ்பைரியில் நிஃப்டி | தொடாமல் | மூடியது | 23,000-க்கு ரோல் | 22,500-க்கு ரோல் |
|---|---|---|---|---|
| 21,500 | −247 | −110 | −199 | −136 |
| 22,700 | +53 | −110 | +101 | −36 |
| 23,500 | +53 | −110 | −199 | −136 |
| 24,246.70 | +6.30 | −110 | −199 | −136 |

நெருக்குவதென்றால் எவ்வளவு?

நாலாவது வழியில், காலை 23,000-க்குக் கொண்டுவராமல் புட் இருக்கும் 22,500-க்கே கொண்டுவந்து, 22,800-ல் பாதுகாப்பு வாங்குகிறோம். அயர்ன் ஃபிளை. அந்தக் கால் ஸ்ப்ரெட் 113-க்கு விற்கும். பழையதை மூடிய 2 போக 111 சேர்ந்து மொத்த வரவு 164. அதிகபட்ச நஷ்டம் 136 மட்டும்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த எண் இதுதான். கேட்டவுடன் 22,500-க்குக் கொண்டுவருவது துணிச்சலாகவும், 23,000-க்குக் கொண்டுவருவது நிதானமாகவும் தெரியும். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஏற்கெனவே 110 போய்விட்டது. ஃபிளையில் இதற்கு மேல் போகக்கூடியது 26 புள்ளிதான், வந்தால் 22,500-ல் முடியும்போது 164. 23,000 ரோலில் இதற்கு மேல் 89 புள்ளி போகலாம். ஃபிளையின் லாப எல்லை 22,336-லிருந்து 22,664 வரை வெறும் 328 புள்ளி, அதனால் அது வெற்றி பெறுவது அரிது. ஆனால் தோற்றாலும் மூடியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சொல்லப்போனால் மறுபக்கத்தை நெருக்கிக்கொண்டே போனால் அது மெல்ல மெல்ல மூடுவதாகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு படி நெருங்கும்போதும் நஷ்டத்தின் பெரும்பகுதி பூட்டப்படுகிறது.

அந்த மாலையில் பாதி தூரம் நெருக்கிய ரோல்தான் மோசமான இடம். மேல் பக்கத்து அகலமான இடத்தைக் கொடுத்துவிட்டது, ஆனால் நஷ்டத்தைப் பூட்டும் அளவுக்குப் பணமும் வாங்கவில்லை. ரோல் செய்தே தீருவேன் என்பவர் புதிய அதிகபட்ச நஷ்டத்தையும் இப்போதே மூடினால் வரும் நஷ்டத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். 199-க்கும் 110-க்கும் நடுவே இருக்கும் 89 புள்ளிதான் அவர் உண்மையில் புதிதாகப் பந்தயம் கட்டுவது. அதற்கு எதிரே கிடைக்கக்கூடியது −110-லிருந்து +101 வரை, 211 புள்ளி. லாபத்தில் முடியும் வாய்ப்பு நாலில் ஒன்று. பந்தயம் பிடிக்கிறதா என்பது அவரவர் முடிவு, ஆனால் பந்தயம் அதுதான்.

வெள்ளிக்கிழமையே செய்திருந்தால்

ரோலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வது, "அடி விழுந்த பிறகு செய்வது ரோலே அல்ல, நெருங்கும்போதே செய்ய வேண்டும்" என்று. இது சரியான வாதம். ஏப்ரல் 4 மாலை புட் டெல்டா 0.27-க்கு வந்தபோது கால் பக்கம் 27-லிருந்து 5-க்கு இறங்கிவிட்டது. விற்றதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சம்பாதித்தாகிவிட்டது. அப்போது 23,700/24,000-க்குக் கொண்டுவந்தால் நிகரமாக 20 கிடைக்கும். மொத்த வரவு 73, லாப எல்லை 22,427-லிருந்து 23,773 வரை. நிஃப்டி 22,904-ல், எல்லைக்கு உள்ளேயே, இரு பக்கமும் இடத்தோடு. திங்கள் ரோலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். திங்களன்று லாப எல்லை சந்தைக்கு வெளியே இருந்தது, வெள்ளியன்று சந்தை லாப எல்லைக்குள் இருந்தது.

இதுவும் திங்கள் சரிவிலிருந்து காப்பாற்றியிருக்காது. அன்று மாலை இதன் நஷ்டம் 98. ரோல் செய்யாதவரைவிட 12 புள்ளிதான் தேவலை. பலன் பிறகுதான் தெரிகிறது. ஏப்ரல் 15-ன் 500 புள்ளித் தாவலுக்குப் பிறகும், 16-ம் தேதி 23,437-ல் முடிந்தபோதும் விற்ற 23,700 தாண்டப்படவில்லை. அன்று மூடினால் ஏறக்குறைய லாப நஷ்டமில்லாமல் வெளியே வரலாம். அடுத்த நாளே 414 புள்ளி ஏறி 23,700 போய்விட்டது, எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் 227 புள்ளி நஷ்டம். எனவே இந்த ரோலும் போட்டுவிட்டு மறந்துவிடும் வேலை இல்லை. புதுப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு வெளியேறும் விலை வேண்டும். விற்றது 25 என்றால் 50-க்கோ 60-க்கோ வரும்போது மூடுவது என்று முன்பே எழுதிவைப்பது வழக்கமான முறை. 16-ம் தேதி அந்த ஸ்ப்ரெட் 63-ல் நின்றது.

வெள்ளியன்று 10 புள்ளி நஷ்டத்தில் முழுதும் மூடியவரை யாரும் பேசுவதில்லை, அவரிடம் கதை எதுவும் இல்லாததால். 750 ரூபாயோடு முடிந்தது. டெல்டா இரட்டித்த மாலையில், வார இறுதியில் பெரிய செய்தி வரக்கூடிய நிலையில், என் கை மூடும் பக்கம்தான் போகும்.

ஆர்டர் போடும்போது

ரோல் என்பது நாலு லெக். வரிசை முக்கியம். முதலில் விற்ற 24,200-ஐ வாங்கி மூட வேண்டும், பிறகு 24,500-ஐ விற்க வேண்டும். அடுத்து 23,300-ஐ வாங்கிவிட்டு 23,000-ஐ விற்க வேண்டும். பாதுகாப்புக்கு வாங்கியதை முதலில் விற்றுவிட்டால் ஹெட்ஜ் சலுகை போய், ஒரு நொடிக்கேனும் தனி ஷார்ட்டுக்கான முழு மார்ஜின் கேட்கும். கணக்கில் பணம் குறைவாக இருந்தால் அடுத்த ஆர்டரே நிராகரிக்கப்படும், இல்லையென்றால் பற்றாக்குறைக்கு அபராதம் வரும்.

பழைய 24,200/24,500 வெறும் 2 ரூபாய்தானே, மூடாமல் விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்ப்போம் என்று சிலர் செய்வார்கள். ஏப்ரல் 24-ல் அந்த 2 ரூபாய் சோம்பலுக்கு 46.70 கூடுதலாகப் போயிருக்கும். புதுக் கால் ஸ்ப்ரெட்டின் 300-க்கு மேல்.

செலவு என்று பார்த்தால், அப்போது ஆப்ஷன் விற்பனை பிரீமியத்துக்கு எஸ்.டி.டி. 0.1 சதவீதம். 20 ரூபாய் தரகில் நாலு ஆர்டருக்கு 80, மேலே ஜி.எஸ்.டி. இவை சின்னவை. ஏப்ரல் 7 போன்ற நாளில் பெரிய செலவு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ஒவ்வொரு லெக்கிலும் இரண்டு மூன்று புள்ளி விட்டுக்கொடுத்தால், ரோலில் வந்த 48-ல் 10 அங்கேயே போய்விடும், பிறகு மூடும்போது இன்னொரு 10. 9.15-க்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் இதைவிடவும் மோசம். லிமிட் ஆர்டர்தான், அதுவும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் விலைகள் படிந்த பிறகு.

இந்தக் கணக்கெல்லாம் நிஃப்டிக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம், அது ஐரோப்பிய வகை ஆப்ஷன், எக்ஸ்பைரியில் பணமாகத் தீர்வாகிறது. புட் ஆழமாக உள்ளே போனாலும் நடுவில் யாரும் வந்து பயன்படுத்திவிட முடியாது. தனிப் பங்கு ஆப்ஷனில் காண்டர் போட்டவருக்கு எக்ஸ்பைரியில் பங்காகவே டெலிவரி தீர்வு. கடைசி நாட்களில் அதற்கான மார்ஜினும் படிப்படியாக ஏறும். அங்கே அடிபட்ட பக்கத்தை எக்ஸ்பைரி வாரம் வரை வைத்துக்கொண்டு மறுபக்கத்தை நெருக்கும் யோசனையே எடுபடாது. முன்னதாகவே மூடிவிட வேண்டும்.